பொருள்: மார்ச் மாதத்துக்கான தாமதக் கட்டணம் 25 டாலரை நீக்கக் கோருதல்

பீனிக்ஸ், அரிசோனா
ஏப்ரல் 2, 2026

மதிப்பிற்குரிய பொருளாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகள் நிலா உங்கள் இணையவழித் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் நிலையில் படிக்கிறாள். மார்ச் கட்டணத்தைத் தாமதமாகக் கட்டியதாகச் சொல்லி, ஏப்ரல் பில்லில் 25 டாலர் சேர்த்திருக்கிறீர்கள். நான் தாமதமாகக் கட்டவில்லை.

மார்ச் 10, செவ்வாய்க்கிழமை இரவு 9:34க்குக் கட்டினேன். வங்கி அனுப்பிய மின்னஞ்சலின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் அறிவிப்பில் இருப்பது "ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி இரவு 11:59க்குள்" என்பது மட்டுமே. எந்த ஊர் நேரம் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. வகுப்பு அட்டவணையில் நான்கு நேர மண்டலங்களையும் போடுகிறீர்கள். அதே பெற்றோருக்கு அனுப்பும் கட்டண அறிவிப்பில் மட்டும் அது விடுபட்டுவிட்டது. அப்படியானால் நான் இருக்கும் ஊரின் நேரத்தைத்தானே எடுத்துக்கொள்வேன்?

பள்ளி அலுவலகம் இருக்கும் நியூ ஜெர்சியின் நேரப்படி அது 11ஆம் தேதி நள்ளிரவு 12:34 ஆகிவிட்டது, கணினி தானாகக் குறித்துவிட்டது என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. சரி, கணினிக்குத் தெரியாது. ஆனால் நடந்ததைப் பாருங்கள். மருத்துவமனையில் பகல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஒன்பதரை வாக்கில்தான் நான் எப்போதும் பணம் கட்டுகிறேன். நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி நான்கு மாதமும் 10ஆம் தேதி அதே நேரத்தில்தான் கட்டினேன். ஒன்றுகூடத் தாமதமாகக் குறிக்கப்படவில்லை. குளிர்காலத்தில் நம் இரு ஊர்களுக்கும் இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம், அதனால் அங்கே பதினொன்றரைதான் ஆகியிருக்கும். மார்ச் 8 ஞாயிறன்று நீங்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளினீர்கள். பீனிக்ஸில் நாங்கள் அப்படி மாற்றுவதில்லை. வித்தியாசம் மூன்று மணி நேரமானது. இரண்டு நாள் கழித்து, வழக்கமான நேரத்தில் கட்டிய நான் தாமதக்காரி ஆகிவிட்டேன்.

நீங்கள் எல்லோரும் சம்பளம் வாங்காமல் வாரயிறுதிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. அதனால்தான் போனில் கோபமாகப் பேசாமல் எழுதுகிறேன். 25 டாலர் பெரிய தொகை இல்லை என்று சிலர் சொல்லலாம். ஆனால் செய்யாத தவறுக்கு அபராதம் கட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. அதைவிட, நிலாவின் கணக்கில் "தாமதம்" என்று சிவப்பில் தெரிவதுதான் வலிக்கிறது. அவளே அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, நாம பணம் கட்டலையா?" என்று கேட்டாள்.

ஏப்ரல் கட்டணம் 80 டாலரை இன்றே கட்டிவிட்டேன். அந்த 25 டாலரை மட்டும் கட்டவில்லை. அதையும் அந்தக் குறிப்பையும் நீக்கிவிட்டு, ஏப்ரல் 10க்குள் எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அப்புறம், இனி வரும் அறிவிப்புகளில் எந்த மண்டல நேரம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். கலிபோர்னியாப் பெற்றோருக்கு ஆண்டு முழுவதும் மூன்று மணி நேர வித்தியாசம், அவர்களிலும் யாராவது இதில் மாட்டியிருக்கக்கூடும். அவர்கள் கணக்குகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கலைவாணி
(நிலாவின் அம்மா)

இணைப்பு: மார்ச் 10 வங்கி மின்னஞ்சல், முந்தைய நான்கு மாத ரசீதுகள்