லாட்ஜ் ரிசப்ஷனுக்கு ஆள் தேவை – கிருஷ்ணகிரி

பெங்களூரு சாலையில் உள்ள எங்கள் 28 அறை லாட்ஜுக்கு ரிசப்ஷனிஸ்ட் ஒருவர் தேவை. ஆண், பெண் இருபாலரும் வரலாம்.

தமிழ் சரளமாகப் பேச, எழுத வேண்டும். கன்னடமோ தெலுங்கோ ஒன்றாவது பேசத் தெரிய வேண்டும். வருபவர்களில் பாதிப்பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள். இந்தி சமாளித்தால் போதும். ஆங்கிலத்தில் பெயர், முகவரி பிழையில்லாமல் பதிவு செய்தால் சரி, இலக்கணம் பார்க்க மாட்டோம்.

ஷிப்ட் 8 மணி நேரம், வாரம் ஒருமுறை மாறும். மாதத்தில் ஒரு வாரம் இரவு 10 முதல் காலை 6 வரை. நள்ளிரவில் குடித்துவிட்டு வந்து வாடகை பேரம் பேசுவோரும் உண்டு. வாட்ச்மேன் துணைக்கு இருப்பார். அடுத்தவர் வரத் தாமதமானால் கவுன்டரை விட்டுப் போக முடியாது, அந்த நேரத்துக்குத் தனிச் சம்பளம். பொங்கல், தீபாவளிக்கு லீவு கிடைப்பது கஷ்டம்.

சம்பளம் 15,000, சாப்பாடு உண்டு. தங்க இடம் இல்லை. ஆதார் நகலுடன் காலை 11 மணிக்குமேல் மேனேஜரை நேரில் பாருங்கள்.