எட்டா, ஒன்பதா?

சம்பளம் வந்துவிட்டது என்று செல்பேசி சொன்னபோது நான் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி அந்தக் குறுஞ்செய்தியை நாலு முறை படித்தேன். நினைத்ததைவிடக் குறைவு. மாதத்தின் 12ஆம் தேதிதான் வேலையில் சேர்ந்திருந்தேன், அதனால் 31 நாளில் 20 நாளுக்கு மட்டும் கணக்குப் போட்டிருந்தார்கள். அதிலும் பிடித்தம் போக மீதி. சேரும்போது சொன்ன தொகையை மனதில் வைத்துக்கொண்டு மூன்று வாரமாக நான் போட்டிருந்த கணக்கெல்லாம் அங்கேயே காலி.

சரி, இருப்பதைப் பிரிப்போம் என்று உட்கார்ந்தேன். அறை வாடகை. சேர்ந்த புதிதில் கைமாற்றாகக் கொடுத்த தோழிக்குத் திருப்பித் தரவேண்டியது. அடுத்த மாதம் வரைக்கும் சாப்பாடு, போக்குவரத்து. இதெல்லாம் போக நின்றதில் பாதியை அம்மா அப்பாவுக்கு என்று ஒதுக்கினேன். பெரிய தொகை ஒன்றுமில்லை. ஆனாலும் அதை ஒதுக்கிய நிமிடம் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது. பொய் சொல்வானேன், திடீரென்று வளர்ந்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

அப்பாவுக்குச் செருப்பு, அம்மாவுக்குக் கண்ணாடி. யோசிக்கவே தேவைப்படவில்லை. அப்பாவின் செருப்பு இரண்டு முறை தைக்கப்பட்டது, குதிகால் பக்கம் தேய்ந்து சாய்ந்திருக்கும். அம்மா எதைப் படித்தாலும் கையை முழுசாக நீட்டித்தான் படிப்பார். கை நீளம் போதவில்லை என்று அவரே கேலி செய்துகொள்வார்.

சொல்லாமல் வாங்கிக்கொண்டு போய் நீட்டவேண்டும் என்பதுதான் திட்டம். கடையில் ஒரு ஜோடியை எடுத்தேன். "என்ன நம்பர்?" என்று கேட்டார் கடைக்காரர். எனக்குத் தெரியவில்லை.

எட்டா, ஒன்பதா? அப்பா வீட்டுக்குள் வரும்போது கேட்கும் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். அதை அவர் எந்த மூலையில் கழற்றி விடுவார் என்று தெரியும். நம்பர் தெரியாது. வெளியே வந்து தம்பியை அழைத்தேன். அவன் பழைய செருப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தேஞ்சு போச்சுக்கா, ஒண்ணும் தெரியல" என்றான். அப்புறம் அவனுக்கே ஒரு யோசனை வந்து அப்பாவின் கணக்கு நோட்டுகளை எடுத்துப் புரட்டினான். அப்பா எல்லாவற்றையும் எழுதுவார். பள்ளிக் கட்டணம், மருந்து, சைக்கிள் பஞ்சர் வரைக்கும். கொஞ்ச நேரத்தில் சில பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினான்.

அதில் அப்பாவின் நம்பர் ஓரிடத்தில் இருந்தது: 8. மற்ற எல்லாம் என் நம்பர்கள். பாப்பா ஷூ 11. பாப்பா ஷூ 12. பாப்பா ஷூ 13. அதற்கடுத்த வருடம் 1. குழந்தைகளின் அளவு 13ஐத் தாண்டியதும் திரும்ப 1லிருந்து தொடங்கும். அந்த வருடம் என் கால் சுருங்கிவிட்டதென்று நான் அழுததும், அப்பா என் பழைய ஷூவையும் புதிய ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் சட்டென்று ஞாபகம் வந்தது. பிறகு 2, 3, 4. ஒவ்வொரு வருடமும் என் கால் எவ்வளவு வளர்ந்தது என்பதை அவர் எழுதி வைத்திருக்கிறார். அவர் காலைப் பற்றி எனக்கு ஒரு எண்கூடத் தெரியாது. கடை வாசலில் நின்று அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போகவில்லை.

சொல்லாமல் கொடுக்கும் பரிசின் மேல் எனக்கிருந்த ஆசை அன்றோடு போய்விட்டது. அதில் பாதி நம் சந்தோஷத்துக்குத்தான். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போய், இருவரையும் கையோடு கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கிளம்ப வைப்பதே ஒரு பாடு. "எனக்கெதுக்கு இப்போ? நல்லாத்தானே இருக்கு" என்றார் அப்பா. அம்மா வேறு வழியில் வந்தார்: "முதல்ல உனக்கு ஒரு நல்ல பை வாங்கிக்கோ, அறுந்து தொங்குது." முதல் சம்பளத்தை வாங்கும் பெண்ணுக்கு அதைச் செலவழிக்க இவ்வளவு மன்றாட வேண்டியிருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சாயங்காலமாகப் போனோம். பகல் முழுக்க நடந்தால் கால் லேசாக வீங்கும், அந்த நேரத்தில் அளந்தால்தான் பிறகு கடிக்காது என்று எங்கோ படித்திருந்தேன். கடைக்காரர் அளவுப் பலகையில் அப்பாவை நிற்கச் சொன்னார். இரண்டு காலையும் அளந்துவிட்டு, "ஒன்பது" என்றார். "எட்டுதான் போடுறேன், எப்பவும்" என்றார் அப்பா. வயதாக ஆகப் பாதத்தின் தசைநார்கள் தளர்ந்து கால் அகலமாகும், கொஞ்சம் நீளமும் ஆகும் என்று கடைக்காரர் விளக்கினார். ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் வித்தியாசம் மூன்றில் ஒரு அங்குலம், 8 மில்லிமீட்டர் சொச்சம். எத்தனை வருடமாக அந்த 8 மில்லிமீட்டரை மடக்கிக்கொண்டு நடந்தாரோ. கேட்டேன். "போடப்போட சரியாயிடும்" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் சொல்லும் பதில் அது.

ஒன்பதைப் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே நாலடி நடந்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. விரல்களை மட்டும் உள்ளே அசைத்துப் பார்த்தார், அது மேலிருந்தே தெரிந்தது. பிறகு பெட்டியைத் திருப்பி விலையைத் தேடினார். அந்தச் சீட்டை நான் ஏற்கெனவே கிழித்திருந்தேன். ஆனால் பில்லைப் பையிலேயே விட்டுவிட்டேன், அது வேறு கதை.

அம்மாவின் கண் பரிசோதனை இன்னும் நேரம் பிடித்தது. நாற்பதை ஒட்டி எல்லோருக்கும் வரும் வெள்ளெழுத்துதான், கண்ணின் லென்ஸ் இறுகிப்போய்ப் பக்கத்தில் இருப்பது மங்கும் என்றார் பரிசோதித்தவர். அம்மா கைப்பையிலிருந்து தன் பழைய கண்ணாடியை எடுத்துக் காட்டினார். பரிசோதனை இல்லாமல் கடையில் தொங்குவதை எடுத்துப் போட்டுப் பார்த்து வாங்கியது, +1.50. இப்போது வலது கண்ணுக்கு +2.50, இடது கண்ணுக்கு +2.00. அப்படித் தொங்குகிற கண்ணாடிகளில் இரண்டு பக்கமும் ஒரே பவர்தான் இருக்கும். அடிக்கடி தலைவலி என்று அம்மா ஒரு துணியை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொள்வாரே, அது இதனாலா என்று கேட்டேன். இருக்கலாம் என்றார் அவர். நாங்கள் வீட்டில் எல்லோரும் அதற்கு அம்மாவின் கோபம் என்றுதான் பெயர் வைத்திருந்தோம்.

கண்ணாடி தயாராகி வந்த அன்று அம்மா முதலில் பார்த்தது என்னை. கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, "சரியா தூங்குறியா நீ?" என்றார். இரண்டாவதாகப் பார்த்தது சமையலறைச் சுவர் மூலையை.

"இத்தனை நாள் வீடு இப்படியா இருந்துச்சு? ஒருத்தராவது சொன்னீங்களா?"

அன்று மத்தியானம் முழுக்கத் துடைப்பம்தான். என்னையும் தம்பியையும் விடவில்லை. நான் வாங்கிக் கொடுத்த பொருளால் எனக்கே வேலை வந்து சேர்ந்தது. தரையைத் துடைத்து முடித்துவிட்டு அம்மா நிமிரும்போது, உள்ளே அப்பா நடந்து பழகிக்கொண்டிருந்தார். புதுச் செருப்போடு. வெளியே போட்டால் அழுக்காகிவிடுமாம்.

"ஈரத்துல நடக்காதீங்க!" என்று அம்மா கத்தினார். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, கூடத்திலிருந்து வாசல் வரை வரிசையாக விழுந்திருந்த தடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். அத்தனையும் ஒன்பது நம்பர்.