பரிந்துரைக் கடிதம்: என் சீடன் நிரோஜனுக்காக

திருகோணமலை
18.05.2025

மட்டக்களப்பு, கல்லடி வாவிக்கரையில் மந்திரத் தொழில் செய்யும் அக்கா அவர்களுக்கு,

பொருள்: நிரோஜனை உங்கள் உதவியாளராகச் சேர்த்துக்கொள்ளக் கேட்பது

அன்புள்ள அக்கா,

வருகிற ஆனி மாதத்தோடு நான் தொழிலை விடுகிறேன். வயது 71 ஆகிறது. முழங்கால் வலியில் சுவாமி மலை ஏற முடிவதில்லை. அதையாவது சமாளிக்கலாம், முன்பற்கள் நாலும் போய்விட்டன. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். ‘த’வும் ‘ந’வும் இப்போது எனக்குச் சரியாக விழுவதில்லை. அரைகுறை உச்சரிப்போடு மந்திரம் சொல்லி ஊரை அந்தரப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

உங்களுக்கு ஓர் ஆள் தேவை என்று கேள்விப்பட்டேன். என்னிடம் ஆறு வருடம் பழகிய நிரோஜனை அனுப்ப விரும்புகிறேன். அவனுக்கு வயது 22. அவன் கையிலிருந்து பொருள் விழும். இதை மறைத்து எழுதினால் நாளை நீங்கள் என்னைத்தான் கேட்பீர்கள், ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர்க்காரர் வந்தவர்களைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று ஊரெல்லாம் சொல்லும். நிரோஜன் அந்த மந்திரத்தைப் பழகப்போய்த் தன்னையே பாயோடு ஒட்டிக்கொண்டு, பாயைச் சுமந்தபடியே மூன்று நாள் கடைக்குப் போய்வந்தவன். நான் சொன்ன சாமான் ஒன்றையும் மறக்காமல் வாங்கிவந்தான்.

அவன் தடுமாற்றத்தில் பாதி என் பிழை. அவன் இடக்கைக்காரன் என்பதை நாலாம் வருடத்தில்தான் கவனித்தேன். அதுவரை கோலை வலக்கையில் பிடிக்கவைத்து வதைத்திருக்கிறேன். கையை மாற்றிய பிறகு கோல் நேராக நிற்கிறது. மற்றப் பாதி அவன் சுபாவம், அது மாறாது. கண்ணாடிச் சீசா கொடுக்காதீர்கள், பித்தளைச் சாமான் கொடுங்கள். ஏணியில் ஏற்ற வேண்டாம்.

இனி அவனை ஏன் சேர்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முந்திய மார்கழி. ஒன்பது நாளாக அடைமழை, அயலில் ஒரு வீட்டிலும் உடுப்புக் காயவில்லை. கச்சான் காற்றை அடைத்துவைத்த குடத்தின் வாயை ஒரு விரற்கடை திறக்கச் சொன்னேன். குடம் கைதவறி முற்றத்தில் விழுந்து உடைந்தது. வைகாசி, ஆனியில் வீச வேண்டிய காற்று மார்கழியில் சுடச்சுட வீசத் தொடங்கியது. ஒரு மணித்தியாலத்தில் மழை நின்று, உடுப்புக் காய்ந்து, கொடியோடு பறந்தும் போனது. அயலவர்கள் எனக்கு நன்றி சொல்ல வந்தார்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

நிரோஜன் பேசாமல் இருக்கவில்லை. கச்சான் கரையிலிருந்து கடலுக்கு வீசும், அதில் கரையோரம் குளம் மாதிரி அடங்கிக் கிடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒன்பது நாள் தொழிலில்லாமல் இருந்தவர்கள் அதைப் பார்த்தால் வள்ளத்தைத் தள்ளாமல் விடுவார்களா? குடத்துக் காற்று தீர்ந்ததும் வாடை ஒரே அடியாகத் திரும்பும். இரவு இரண்டு மணிக்கு அவன் திருக்கடலூர்க் கரைக்கு ஓடி, ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டியிருக்கிறான். “அண்ணை, இது உண்மையான காற்றில்லை. நான்தான் குடத்தை உடைச்சனான். இண்டைக்குக் கடலுக்குப் போகாதேங்கோ.” இரண்டு பேர் அவனை அடிக்கவும் வந்தார்களாம். அவன் வள்ளங்களுக்கு முன்னால் மணலில் குந்திவிட்டான். ஒரு வள்ளமும் இறங்கவில்லை. காலை ஏழு மணிக்கு வாடை திரும்பிய வேகத்தை நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குக் கை நடுங்கியது. நல்லாகக் கைபழகிய இரண்டு சீடர்கள் முன்பு என்னிடம் இருந்தார்கள். இருவரில் ஒருவனாவது அந்த இரவில் எழும்பிப் போயிருப்பான் என்று என்னால் சொல்ல முடியாது.

கன்னியாவிலும் இப்படித்தான். வெந்நீரூற்றுக் கிணறு ஏழிலும் ஒவ்வொரு குடம் தண்ணீர் எடுத்துவரச் சொன்னேன். கால் தடுக்கி, சொல்லிக்கொண்டிருந்த மந்திரத்தை இடையில் விட்டுவிட்டான். ஏழு கிணற்றின் சூடும் இடம் மாறிவிட்டது. விடிந்தால் அந்தியேட்டிக் கிரியைக்கு ஆட்கள் வருவார்கள். தாயையோ தகப்பனையோ இழந்து வருகிறவர்கள் கிணறு பார்த்துக் குழம்பக்கூடாது என்று, இரவு முழுக்க ஒவ்வொரு கிணறாகக் கையை விட்டுப் பார்த்து, எந்தச் சூடு எந்தக் கிணற்றுக்கு உரியது என்று நினைவிலிருந்தே திருப்பி வைத்தான். நான் போனபோது கை இரண்டும் ஊறிச் சிவந்திருந்தன. இன்றைக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் விரல் நுனி நனைத்ததும் இது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்வான். எனக்கே வராத வித்தை அது. உங்கள் வாவியில் பௌர்ணமி இரவுகளில் மீன் பாடுகிற இடத்தைத் தண்ணீரைத் தொட்டே கண்டுபிடிப்பான் என்று நம்புகிறேன்.

மூலிகை அறிவு நன்று. கணக்கு சுமார். காசு விஷயத்தில் ஒரு சதமும் பிசகாது.

அப்புறம் மான்களின் கதை. கிளிக்குப் பேச்சு வரவைக்கிற மந்திரம் இலக்குத் தவறி, கோட்டைக்குள் நிற்கும் புள்ளிமான்கள் மேல் விழுந்தது. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களிடம் மான்கள் வாழைப்பழத் தோல் கேட்டதை ஊரே இரண்டு நாள் பேசியது. நான் மாற்று மந்திரம் தேடிப் புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தேன். நிரோஜன் அவற்றுக்குப் பக்கத்தில் இருந்து, என்ன சொல்கின்றன என்று கேட்டிருக்கிறான். ஷொப்பிங் பை தொண்டைக்குள் சிக்குகிறது, வயிறு நோகிறது என்றனவாம். மந்திரம் இறங்கிய பிறகும், இந்த ஆறு வருடத்தில் அவன் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவிடாமல் சாக்கோடு போய்க் கோட்டைக்குள் பொலித்தீன் பொறுக்குகிறான். நான் சொல்லிச் செய்வதில்லை அது.

அக்கா, நம் தொழிலில் கை தவறாதவர் யார்? நான் பயப்படுவது தவறியதைப் பாய்க்கு அடியில் தள்ளி மூடிவைப்பவர்களுக்குத்தான். நிரோஜன் ஒன்றை உடைத்தால், உடைந்த துண்டு உருண்டு நிற்பதற்குள் உங்கள் முன்னால் வந்து நிற்பான். அப்போது சத்தம் போடாதீர்கள். சத்தம் போட்டால் பதறி இன்னொன்றையும் தட்டிவிடுவான். “சரி, என்ன செய்யலாம்?” என்று கேளுங்கள், அநேகமாக அவனிடமே பதில் இருக்கும்.

சம்மதம் என்றால் ஒரு வரி எழுதுங்கள். மூதூர், வாகரை வழியாக வரும் காலை பஸ்ஸில் அனுப்பிவைக்கிறேன். என் கோலையும் பித்தளைச் செம்பு ஏழையும் அவனுக்கே கொடுத்துவிட்டேன், ஆகவே சாமான் செலவு உங்களுக்கு இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு கொடுங்கள். மான்களில் கிழட்டு மான் ஒன்றுக்கு மட்டும் அந்த மந்திரம் இறங்கவேயில்லை. அவன் எங்கே என்று அது என்னிடம் கேட்கும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி,
கோணேசபிள்ளை