வெளியேறும் நேர்காணலின் கருப்பொருள் குறிப்பு: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, மூத்த ஊழியர்

மனிதவளக் குழுவினருக்கு,

சேவைப் பிரிவிலிருந்து விலகும் மூத்த ஊழியரின் எக்ஸிட் இண்டர்வியூ பதிவை முழுக்கக் கேட்டு, கேட்டதைத் தட்டச்சு செய்து, அதிலிருந்து எடுத்தவை இவை. பதிவு 52 நிமிடம். அடைப்புக்குறிக்குள் இருப்பது பதிவில் அந்தப் பேச்சு வரும் நேரம். சந்தேகம் வந்தால் அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம். பெயரை எங்கும் எழுதவில்லை. ஆனால் அந்தப் பிரிவு சிறியது, ஆறு வருடம் இருந்தவர் ஒருவர்தான். இந்தக் குறிப்பு நம் குழுவைத் தாண்டினால் அடுத்த நிமிடமே யாரென்று தெரிந்துவிடும்.

முதலில் படிவத்தைப் பற்றி. விலகல் படிவத்தில் காரணம் "சம்பளம்" என்று டிக் ஆகியிருக்கிறது. அதை அப்படியே நம் காலாண்டு அட்டவணையில் ஏற்ற வேண்டாம் என்பது என் கருத்து. பதிவில் நடந்தது இதுதான். நம் பக்கம் கேட்ட கேள்வி: "சம்பளம்தானே முக்கியக் காரணம்?" (07:50). பதில்: "சம்பளம்னே போட்டுக்கோங்க, எல்லாரும் அதைத்தானே போடுவாங்க" (08:05). கேள்வியிலேயே பதிலை வைத்துக் கொடுத்தோம், அவர் வாங்கிக்கொண்டார். அதன்பின் சம்பளம் என்ற பேச்சு இரண்டே இடத்தில் வருகிறது. இரண்டிலும் அடுத்து நான் சொல்லப்போகும் விஷயத்தோடு ஒட்டியேதான் வருகிறது.

பதவியில்லாமல் பார்த்த வேலை

பழைய டீம் லீட் போனபின் அந்த வேலை இவர் தலையில் விழுந்திருக்கிறது. "ஆறு மாசம் பாத்துக்கோங்கன்னாங்க. பதினாலு மாசம் ஆச்சு. நடுவுல ஒரு தடவகூட அதைப் பத்தி யாரும் பேசல" (19:10). பிறகு அந்த இடத்துக்கு விளம்பரம் போனது, இவரும் விண்ணப்பித்தார், இண்டர்வியூவும் நடந்தது. "அப்புறம் ஒண்ணும் சொல்லல. புது ஆளுக்கு வெல்கம் மெயில் வந்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது" (24:05).

இதை "பதவி உயர்வு கிடைக்காத அதிருப்தி" என்று ஒரு வரியில் முடித்தால் விஷயம் தவறிப்போகும். அவரே அதைப் பிரித்துச் சொல்கிறார்: "எனக்குக் கிடைக்கலங்கறதுகூட பரவாயில்ல. வந்தவர் என்னைவிட அனுபவம் உள்ளவர்தான். ஏன் இல்லன்னு ஒருத்தர் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்" (25:30). ஆக, தேர்வு முடிவில் அவருக்கு மனத்தாங்கல் இல்லை. உள்ளிருந்து விண்ணப்பித்தவருக்கு முடிவைச் சொல்லாமல் விட்டதில்தான் இருக்கிறது. அந்த வேலை நம் குழுவினுடையது, பிரிவு மேலாளருடையது அல்ல.

எப்போது மனசு விட்டுப்போனது என்பதையும் அவரே சொல்லிவிட்டார். புதிதாக வந்தவருக்கு வேலை பழக்கியதும் இவர்தான். "எஸ்கலேஷன் வந்தா யாரைக் கூப்பிடணும்னு ஒரு ஷீட் வச்சிருந்தேன், நானே சேத்துச் சேத்துப் போட்டது. அதையும் அவருக்கு அனுப்பி வச்சேன். அன்னிக்கு ராத்திரிதான் வேற இடம் பாக்க ஆரம்பிச்சேன்" (27:40). பேப்பர் போட்டது அதற்குச் சில மாதம் கழித்து. தக்கவைக்கப் பேசியிருந்தால் அந்த இடைவெளியில் பேசியிருக்கலாம். நோட்டீஸ் பீரியடில் நாம் சொன்ன சம்பள உயர்வு அதற்கான மருந்தே இல்லை. கருப்பொருளின் பெயராக நான் வைப்பது: "தற்காலிகப் பொறுப்பு, முடிவு தெரிவிக்கப்படாமை".

அந்தப் பதினாலு மாதத்துக்குக் கூடுதல் படி கொடுக்கப்பட்டதா என்பதைச் சம்பளப் பிரிவில் பார்க்க வேண்டும். அவர் இல்லை என்கிறார் (20:15). சரிபார்க்கும் வரை அது அவர் சொன்னது, அவ்வளவே.

ரோஸ்டர்

"வெள்ளிக்கிழமை சாயந்தரம் ரோஸ்டர் வரும். திங்கட்கிழமை பகலா நைட்டான்னு அப்பத்தான் தெரியும். எல்லாருக்கும் இதே கதைதான்" (33:20). முதல் இரண்டு வாக்கியங்கள் அவர் அனுபவம். மூன்றாவது மற்றவர்களைப் பற்றிய அவர் கணிப்பு. ஒருவர் சொன்னதை வைத்துப் பிரிவு முழுக்க அப்படி என்று எழுத முடியாது. ஆனால் இதைச் சரிபார்க்க யாரையும் கேட்கவே வேண்டாம், ரோஸ்டர் மெயில்கள் எந்த நாள் எத்தனை மணிக்குப் போயின என்று எடுத்துப் பார்த்தால் போதும். முந்தைய இரண்டு நேர்காணல் குறிப்புகளிலும் "ஷிஃப்ட் மாற்றம்" என்று இருக்கிறது. அங்கே பதிவு இல்லாததால் அதுவும் இதுவும் ஒன்றா என்று சொல்ல முடியவில்லை.

அப்ரைசல்

சின்ன விஷயம்போல் தெரியும், ஆனால் தனியே குறித்திருக்கிறேன். இரண்டு வருட அப்ரைசலிலும் கருத்துப் பத்தி வரிக்கு வரி ஒன்றாம். "எழுத்துப்பிழைகூட அதே இடத்துல இருந்துச்சு" (40:45) என்று சொல்லிச் சிரிக்கிறார். கோப்பைத் திறந்து பார்த்தேன், உண்மைதான். மற்ற ஊழியர்களின் அப்ரைசலிலும் இப்படி ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

நல்லதாகச் சொன்னவை: சேர்ந்தபோது கிடைத்த பயிற்சி, சக ஊழியர்கள், உடம்பு சரியில்லாத காலத்தில் விடுப்பு தந்த விதம். மீண்டும் இங்கே வருவீர்களா என்றதற்கு, "வேற டிபார்ட்மெண்ட்னா வருவேன்" (48:10). இந்தப் பதில் படிவத்தில் "ஆம்" என்று மட்டும் ஏறியிருக்கிறது. திருத்த வேண்டும்.

கருப்பொருளாக நான் எடுக்காதவை இரண்டு. மேலாளரைப் பற்றிக் கேட்டபோது கொஞ்சம் தயங்கி, "நல்லவர்தான்" என்கிறார் (31:40). அந்தத் தயக்கத்துக்கு நாமே அர்த்தம் கற்பிக்கக் கூடாது. சொன்னது "நல்லவர்தான்", பதிவாவதும் அதுவே. இன்னொன்று, சக ஊழியர் ஒருவர் நடந்துகொண்ட விதம் பற்றி அவர் சொன்ன பகுதி. அது புகார்க் குழு பார்க்க வேண்டிய விஷயம். கருப்பொருள் பட்டியலில் போட்டுக் கரைத்துவிடக் கூடாது. அவரிடம் தெரிவித்துவிட்டு அந்தப் பகுதியைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். இந்தக் குறிப்பில் அதன் விவரம் இல்லை.

பிரிவு மேலாளருக்கு இதிலிருந்து மேற்கோள் எதுவும் போக வேண்டாம். பேச்சு தொடங்கும்போதே "என் வார்த்தையாப் போகக் கூடாது" என்று அவர் கேட்டுக்கொண்டார், நாமும் சரி என்றோம் (02:20). மேலாளருக்கு அனுப்ப நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்:

"ரோஸ்டர் வெளியாகும் நாளையும், தற்காலிகப் பொறுப்புகளின் கால வரையறையையும் எல்லாப் பிரிவுகளிலும் மனிதவளக் குழு பரிசீலிக்கிறது. உங்கள் பிரிவில் தற்போது தற்காலிகப் பொறுப்பில் இருப்பவர்கள் யார், எப்போதிலிருந்து என்ற பட்டியலை அனுப்பவும்."

இது வெறும் சாக்காகிவிடாமல் இருக்க, அதே கடிதம் மற்றப் பிரிவு மேலாளர்களுக்கும் அன்றே போக வேண்டும்.

வாராந்திரக் கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: உள்ளிருந்து விண்ணப்பித்துத் தேர்வாகாதவரை, தேர்வானவரின் பெயர் வெளியாகும் முன் நம்மில் யார் நேரில் கூப்பிட்டுப் பேசுவது? தற்போது இரண்டு பதவிகளுக்குத் தேர்வு நடந்துகொண்டிருக்கிறது, இரண்டிலும் உள்ளேயிருந்து ஆட்கள் விண்ணப்பித்திருக்கிறார்கள்.

ஒலிப்பதிவு பூட்டிய கோப்புறையில் இருக்கிறது. அவருக்குச் சொன்னபடி, இறுதிக் கணக்கு முடிந்ததும் அதை அழித்துவிடுவேன். தட்டச்சுப் பிரதி மட்டும் இருக்கும். கேட்க விரும்புகிறவர்கள் அதற்குள் கேட்டுவிடுங்கள்.