தளத்தின் பேச்சை தளத்திடமே விசாரிக்காதீர்கள்: மூத்த குடிமக்கள் மன்றத்தில் ஆற்றிய உரை

மன்றத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

முப்பத்தொரு ஆண்டுகள் நூலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கைக்கு வரும் எந்தப் புத்தகத்தையும் படிப்பதற்கு முன்னால் அதை யார் வெளியிட்டார்கள், எப்போது வெளியிட்டார்கள் என்று பார்த்துவிடுவேன். அப்படிப்பட்ட நானே சென்ற ஆண்டு ஓர் இணையதளத்தில் ஏமாறும் நிலைக்குப் போய், கடைசி நிமிடத்தில் தப்பினேன்.

முழங்கால் வலிக்கு ஏற்ற நடைக் காலணி என்று கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்தது. தொட்டேன். அழகான தளம், தெளிவான படங்கள், கண்ணீர் மல்க எழுதிய வாடிக்கையாளர் பாராட்டுகள் எல்லாம் இருந்தன. மேலே சிவப்பு எழுத்தில் ஒரு கடிகாரம், சலுகை முடிய இன்னும் 9 நிமிடம் 58 நொடி என்று இறங்கிக்கொண்டிருந்தது. அட்டை எண்ணில் பாதியைத் தட்டிய பிறகு மூக்குக்கண்ணாடியைத் தேடி எழுந்து போனேன். திரும்பி வந்தபோது கைப்பேசி அந்தப் பக்கத்தைப் புதிதாகத் திறந்திருந்தது, கடிகாரம் மறுபடியும் 9 நிமிடம் 58 நொடியில் நின்றது. ஒருவருக்காகத் திரும்பிப் போகும் கடிகாரத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்படியே மூடிவிட்டேன்.

அன்று என் தவறு எங்கே இருந்தது என்று பிறகு யோசித்தேன். அந்தத் தளம் நல்லதா என்பதை அந்தத் தளத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு தீர்மானிக்கப் பார்த்தேன். சாட்சிக் கூண்டில் நிற்பவனிடமே அவனைப் பற்றி நற்சான்று கேட்பதற்கு இது சமம். இன்று நான் சொல்லப்போகும் ஐந்து சோதனைகளில் பெரும்பாலானவை தளத்துக்கு வெளியே செய்ய வேண்டியவை. ஐந்தையும் சேர்த்தாலும் சில நிமிடங்களுக்கு மேல் ஆகாது.

முதல் சோதனை, இங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வது. முகவரியை நாமே தட்டி வந்தோமா, அல்லது குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ விளம்பரத்திலோ வந்த இணைப்பைத் தொட்டு வந்தோமா? தேடுபொறியில் தேடி வந்தாலும், மேலே நிற்கும் முதல் சில முடிவுகள் காசு கொடுத்து இடம்பிடித்த விளம்பரங்களாக இருக்கலாம். அவற்றின் அருகே விளம்பரம் என்ற குறிப்பு சிறிய எழுத்தில் இருக்கும், நம் வயதுக் கண்ணுக்கு அது எளிதில் தப்பிவிடும். பிறர் நீட்டிய இணைப்பு வழியாக வந்திருந்தால், மற்ற நான்கு சோதனைகளையும் விடாமல் செய்யுங்கள்.

இரண்டாவது சோதனை முகவரியைப் படிப்பது. இதற்கு மட்டும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் படிக்கத் தெரியும் என்று நாம் நினைத்திருக்கும் ஒன்றை உண்மையில் தலைகீழாகத்தான் படிக்கிறோம். பலகையில் எழுதியிருக்கும் இந்த இரண்டு முகவரிகளையும் பாருங்கள்.

```
https://accounts.bank.example/login
https://bank.example.account-help.test/login
```

இரண்டிலும் bank.example என்ற சொற்கள் இருக்கின்றன. (example, test என்ற இரண்டு முடிவுகளும் 1999ஆம் ஆண்டிலிருந்து உதாரணத்துக்கும் சோதனைக்கும் என்றே ஒதுக்கி வைக்கப்பட்டவை, ஆகவே யாரையும் குறிவைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம்.) முதலாவது வங்கியுடையது. இரண்டாவதுக்கும் வங்கிக்கும் ஒட்டுறவு கிடையாது. எப்படிக் கண்டுபிடிப்பது? தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வையுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகத் திரும்பி வாருங்கள். புள்ளியால் பிரிந்த கடைசி இரண்டு துண்டுகள்தாம் உரிமையாளரின் பெயர். சில நாடுகளின் முகவரிகளில், co.uk என்று முடிவதைப் போல, மூன்று துண்டுகளாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்குப்படி இரண்டாவது முகவரியின் சொந்தக்காரர் account-help.test. அதற்கு இடப்பக்கத்தில் இருப்பதையெல்லாம் அவர் தம் விருப்பத்துக்கு எழுதிக்கொள்ளலாம், வங்கியின் பெயரைக்கூட. வீட்டுக்கு வாடகைக்கு வந்தவர் வாசலில் எந்தப் பெயர்ப்பலகையையும் மாட்டலாம், பத்திரத்தில் இருக்கும் பெயர் வேறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். புள்ளி பிரிக்கும், சிறுகோடு பிரிக்காது. bank-help.example என்பது bank.example என்பதன் கிளை அல்ல, வேறொருவர் தனியாக வாங்கிய பெயர்.

கைப்பேசியில் இடம் குறைவு என்பதால் முகவரியின் ஒரு பகுதி மறைந்திருக்கும். முகவரிப் பட்டையை ஒருமுறை தொட்டு, விரலால் இடமும் வலமும் நகர்த்தி முழுவதையும் பாருங்கள். ஆங்கில எழுத்துகளில் r, n இரண்டும் ஒட்டி நின்றால் m போலத் தெரியும், அதுவும் ஒரு பழைய தந்திரம். ரஷ்ய மொழி எழுத்துகளில் சில ஆங்கில எழுத்துகளின் அச்சாகவே இருப்பதால், 2017ஆம் ஆண்டில் ஓர் ஆய்வாளர் உலகப் புகழ்பெற்ற ஒரு நிறுவனத்தின் முகவரியை அந்த எழுத்துகளைக் கொண்டே பதிவு செய்து, சில உலாவிகளில் அது அசலைப் போலவே தெரிவதைக் காட்டினார். அத்தகைய முகவரிகளைப் பல உலாவிகள் இப்போது xn-- என்று தொடங்கும் விசித்திர வடிவத்தில் காட்டிவிடுகின்றன. தெரிந்த நிறுவனத்தின் பக்கத்தில் அப்படி ஒன்றைப் பார்த்தால் உடனே வெளியேறுங்கள்.

பூட்டுச் சின்னத்தைப் பற்றி யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். பூட்டு இருந்தால் பாதுகாப்பு என்று நம் எல்லோருக்கும் ஒரு காலத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். நமக்கும் தளத்துக்கும் இடையே போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே அது சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. உறையை ஒட்டி அனுப்பலாம், பெறுபவர் திருடராகவும் இருக்கலாம். அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைப்பதால் போலித் தளங்களும் பூட்டு வைத்திருக்கின்றன. மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் குரோம் உலாவி 2023இல் அந்தச் சின்னத்தையே மாற்றிவிட்டது. பூட்டோ முகவரியின் தொடக்கத்தில் https என்பதோ இல்லாத தளத்தில் கடவுச்சொல்லோ அட்டை எண்ணோ தரக்கூடாது என்ற அளவில் மட்டும் அதை நினைவில் வைத்தால் போதும்.

மூன்றாவது சோதனை தளத்தின் வயது. என் நூலகப் புத்திக்கு மிகவும் பிடித்தது இதுதான். lookup.icann.org என்ற பக்கத்துக்குப் போய், சற்று முன் கண்டுபிடித்த உரிமையாளர் பெயரைத் தட்டினால், அந்தப் பெயர் பதிவான நாள் Created என்ற சொல்லுக்கு எதிரே தெரியும். உரிமையாளரின் சொந்த விவரங்கள் இப்போது பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும், நமக்குத் தேவை தேதி மட்டுமே. என் காலணித் தளத்தின் அடியில் மூன்று தலைமுறைகளாகச் சேவை என்று எழுதியிருந்தது, பதிவான நாளைப் பார்த்தால் ஒரு மாதம்கூட நிறையவில்லை. வயதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். நேர்மையான புதுத் தளங்களும் உண்டு, பழைய பெயரை விலைக்கு வாங்கும் மோசடிக்காரர்களும் உண்டு, சில நாடுகளுக்குரிய முகவரிகளின் விவரம் அங்கே கிடைப்பதும் இல்லை. தளம் தன் வயதைப் பற்றிப் பொய் சொல்கிறதா என்பதே நம் கேள்வி.

நான்காவது, வெளியார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பது. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற இரு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், கல்லூரி மாணவர்கள் 25 பேர், செய்திகளின் உண்மையைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர் ஆகியோரிடம் சில தளங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். பேராசிரியர்களிலும் மாணவர்களிலும் பலர் அந்தப் பக்கத்திலேயே தங்கி, மேலிருந்து கீழாகக் கவனமாகப் படித்து, அழகான சின்னத்தையும் கம்பீரமான பெயரையும் கண்டு ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ வந்த வேகத்தில் பக்கத்தை விட்டு வெளியேறி, புதிய சன்னல்களைத் திறந்து, இந்த நிறுவனத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடினார்கள், குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கும் வந்தார்கள். கவனமாகப் படிப்பது நல்ல குணம் என்று வாழ்நாள் முழுதும் சொல்லிவந்த எனக்கு இந்த ஆய்வு கொஞ்சம் வலித்தது.

ஆகவே தளத்தின் பெயரோடு மோசடி, புகார் என்ற சொற்களைச் சேர்த்துத் தேடுங்கள். அதன் தொலைபேசி எண்ணையும் முகவரியையும் தனியாகத் தேடிப் பாருங்கள், ஒரே எண் பத்துப் பெயர்களில் நடக்கும் பத்துக் கடைகளுக்குச் சொந்தமாக இருக்கக்கூடும். தொடர்புக்கென்று ஒரு படிவம் மட்டும் இருந்து, எண்ணும் முகவரியும் இல்லை என்றால் அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, அது நம்மிடம் என்ன கேட்கிறது, எவ்வளவு அவசரமாகக் கேட்கிறது என்று பார்ப்பது. செய்தி படிக்க வந்தவரிடம் பிறந்த தேதி எதற்கு? பரிசுக் கூப்பன் எண்ணாகவோ மெய்நிகர் நாணயமாகவோதான் பணம் வேண்டும் என்று சொன்னால், போனால் திரும்பாத வழியில் கேட்கிறார்கள் என்று பொருள். கைப்பேசிக்கு வந்த ஒருமுறை எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள், தொலைவிலிருந்து உங்கள் கணினியை இயக்க உதவும் செயலியை முன்பின் தெரியாதவர் சொல்லி நிறுவாதீர்கள். உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, இந்த எண்ணை அழையுங்கள் என்று திரை முழுவதும் அலறினால், அழைக்காமல் உலாவியை மூடுங்கள். மூட மறுத்தால் கணினியையே அணைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே விவரம் கொடுத்துவிட்டவர்கள் இந்த அறையில் ஓரிருவர் இருக்கலாம். வெட்கத்தில் தள்ளிப்போடாதீர்கள், பேராசிரியர்களே ஏமாந்திருக்கிறார்கள். அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணில் வங்கியை அழைத்து அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள், அதே கடவுச்சொல்லை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் மாற்றுங்கள், பிறகு காவல் துறையிடம் புகார் கொடுங்கள்.

இப்போது கைப்பேசிகளை எடுங்கள். lookup.icann.org பக்கத்தைத் திறந்து example.com என்று தட்டினால் 1995 என்ற ஆண்டு உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரியாதவர்கள் கையைத் தூக்குங்கள், சன்னலோர வரிசையிலிருந்து ஒவ்வொருவராக வந்து பார்க்கிறேன்.