மனசு வரல, நெஞ்சு கேக்கல

பதினோராம் வகுப்பு மாணவி

தலைக்குள்ளே நடப்பது யோசனை, மார்புக்குள்ளே நடப்பது பாசம் என்று கோடு கிழித்துப் பார்க்க நமக்குப் பழகிவிட்டது. ஆனால் நாம் பேசும் தமிழ் அந்தக் கோட்டை மதிப்பதே இல்லை. 'மனக்கணக்கு' என்கிறோம், 'மனப்பாடம்' என்கிறோம். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று கணக்குப் போடுவதும், செய்யுளை வரி பிசகாமல் வைத்திருப்பதும் மனம்தான். தோழி பேசாமல் போனால் 'மனவருத்தம்' வருவதும் அதே மனத்துக்குத்தான். கணக்குக்கு ஓர் இடம், கண்ணீருக்கு ஓர் இடம் என்று அது பிரித்து வைக்கவில்லை.

தொல்காப்பியம் உயிர்களை அறிவின்படி வகைப்படுத்தும்போது தொடுதல், சுவைத்தல், முகர்தல், பார்த்தல், கேட்டல் என்று ஐந்தையும் சொல்லிவிட்டு, 'ஆறறி வதுவே அவற்றொடு மனனே' என்கிறது. ஆறாவது அறிவு மனம். மனிதனை மற்ற உயிர்களிலிருந்து பிரிப்பது எது என்று கேட்டால் நாம் சட்டென்று மூளை என்போம். அந்த நூல் மனத்தைச் சொல்கிறது. இந்த ஒரு வரிக்காகவே எனக்கு இலக்கணப் பாடம் பிடிக்கும்.

உள்ளம் இன்னும் அழகான சொல். 'உள்ளுதல்' என்றால் நினைத்தல். 'உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்' என்ற குறளில் அந்த வினை அப்படியே இருக்கிறது. ஆனால் பேச்சில் உள்ளம் அவ்வளவாக வருவதில்லை. வாழ்த்து அட்டையிலும் மேடையிலும் 'உள்ளம் கனிந்த' என்று வரும், அவ்வளவுதான். வீட்டில் யாரும் "என் உள்ளம் வலிக்குது" என்று சொல்லிக் கேட்டதில்லை. இதயமும் அப்படித்தான். அறிவியல் வகுப்பில் அதற்கு நான்கு அறைகள், கவிதையில் அதற்குக் காதல். இரண்டுக்கும் நடுவில் உள்ள நாளில் அதற்கு வேலை குறைவு.

அந்த நாள் முழுவதும் உழைப்பது மனசு. அதற்கு நாம் கொடுக்கும் வினைச்சொற்களைப் பாருங்கள். மனசு வைக்கிறோம், மனசு விடுகிறோம், மனசு மாறுகிறோம். "கொடுக்க மனசு வரல" என்கிறோம். அதாவது நான் இங்கேதான் இருக்கிறேன், மனசு இன்னும் வந்து சேரவில்லை!

சென்ற பருவத்தில் எங்கள் வகுப்புக் கபடி அணியில் ஓர் இடம்தான் பாக்கி. என் தோழிக்கு அது கிடைத்தது. போட்டிக்கு முந்தைய நாள் அவளே போய் ஆசிரியரிடம் பேசி, காத்திருந்த இன்னொருத்திக்கு அதை விட்டுக்கொடுத்தாள். ஏன் என்று நான் கோபமாகக் கேட்டேன். ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டே, "மனசு கேக்கலடி" என்றாள். அப்புறம் வேறு எதுவும் சொல்லவில்லை. விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று அவளே அவளுக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறாள், மனசு கேட்கவில்லை. இதைவிட நேரான விளக்கத்தை நீளமான கட்டுரையிலும் தர முடியாது என்று தோன்றியது.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது நெஞ்சு. சளி கட்டுவதும் அதில்தான், துணிவு இருப்பதும் அதில்தான். இரக்கமில்லாதவருக்குக் கல்நெஞ்சு, உறுதியானவருக்கு நெஞ்சுரம். உண்மை வேண்டுமென்றால் "நெஞ்சத் தொட்டுச் சொல்லு" என்போம். யாரும் தலையைத் தொடச் சொல்வதில்லை. (தலையில் அடித்துச் சத்தியம் செய்வது வேறு கதை.) ஏன் என்பதற்கு வள்ளுவரிடம் பதில் இருக்கிறது:

தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின்
தன்நெஞ்சே தன்னைச் சுடும்.

நெஞ்சு இங்கே அறிகிறது, பிறகு சுடுகிறது. தெரிந்துகொள்வதும் துடிப்பதும் ஒரே இடத்தில். பொய் சொன்ன அன்று இரவு தூக்கம் வராமல் புரண்டவர்களுக்கு இந்தக் குறளுக்கு உரை தேவையில்லை.

திருக்குறளின் 130ஆம் அதிகாரம் 'நெஞ்சொடு புலத்தல்'. தலைவி தன் நெஞ்சோடு சண்டை போடுகிறாள். நினைவும் கோபமும் அவளுடையவைதான். ஆனாலும் அவள் அதை எதிரே நிற்கும் ஓர் ஆளைப் போல 'நீ' என்று கூப்பிடுகிறாள்:

அவர்நெஞ் சவர்க்காதல் கண்டும் எவன்நெஞ்சே
நீஎமக் காகா தது.

அவருடைய நெஞ்சு அவர் பக்கம் நிற்கிறது. அதைப் பார்த்த பிறகும் நீ ஏன் என் பக்கம் நிற்கவில்லை? கேள்வி அதுதான். அதிகாரம் முழுக்க அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நெஞ்சு ஒரு வார்த்தைகூடப் பதில் சொல்வதில்லை.