மூணு நாள் மாநாட்டு நிரல்ல ஃபைல் பாதுகாப்பு அமர்வுகள் மட்டும், உங்களுக்காக பிரிச்சது

அக்கா, நிரல் முழுசா படிச்சாச்சு. மூணு நாள், நாலு ஹால், மொத்தம் 58 அமர்வு. இதுல பாதிக்கு மேல ஸ்கேன் பண்றது, ஸ்கேன் படத்துல இருக்கிற எழுத்த கணினியே படிக்கிற ஓசிஆர், இணையத்துல காட்டுறது பத்திதான். நீங்க கேட்டது அது இல்ல. நம்மகிட்ட ஏற்கனவே ஸ்கேன் பண்ணி வச்சிருக்கிற புத்தக ஃபைல்கள் இன்னும் இருபது முப்பது வருஷம் கழிச்சும் திறக்கணும், அதுக்கு என்ன செய்யணும், அவ்வளவுதான் உங்க கேள்வி. அந்த ஒரு கண்ணோட வடிகட்டினதுல நேர்ல போக எட்டு அமர்வு தேறுது, அதுலயும் அஞ்சு கண்டிப்பா போகணும். அஞ்சுக்கும் நேரம் இல்லன்னா ரெண்டாம் நாள் காலை பயிற்சிப் பட்டறைய மட்டும் விட்டுடாதீங்க, காரணம் கீழ சொல்றேன்.

முதல் நாள்

காலை 9:30 தொடக்க உரை எல்லாருக்கும் பொதுவானது, வாசகர்கள் எப்படி தேடுறாங்கங்கிறது பத்தி. கேட்கலாம், தவறினாலும் உங்களுக்கு நஷ்டம் இல்ல.

11:00 ஹால் 2, "காப்பி எடுத்தா பாதுகாப்பு ஆயிடுமா" – இது கண்டிப்பா. டிஜிட்டல் ஃபைல்களை நீண்ட காலம் காப்பாத்துற காப்பகம் எப்படி இருக்கணும்னு சொல்ற ஓஏஐஎஸ் சட்டகம் (ஐஎஸ்ஓ 14721) பத்தி ஆரம்பிச்சு, அதுல நம்மள மாதிரி சின்ன இடத்துக்கு எது தேவை எது தேவையில்லன்னு பிரிச்சுக் காட்டுறதா சுருக்கத்துல போட்டிருக்காங்க. அந்த சட்டகத்த நேரடியா படிச்சா தலை சுத்தும், அதனால ஒருத்தர் எதிர்ல நின்னு சொல்றதக் கேட்கிறதுதான் நல்லது. ஃபைல் பாதுகாப்புல எவ்வளவு தூரம் வந்திருக்கோம்னு அளக்குற என்டிஎஸ்ஏ படிநிலைகளும் இதுல வருது. 2013ல முதல்ல வந்து 2019ல திருத்தின அந்த அட்டவணையில நாலு படி இருக்கு, சேமிப்பு, ஃபைல் மாறாம இருக்கா, யார் தொடலாம், விவரக்குறிப்பு, உள்ளடக்கம் எல்லாத்துக்கும் தனித்தனியா. நாம இப்ப எந்தப் படியில நிக்கிறோம்னு ஒரே பக்கத்துல தெரிஞ்சுக்கலாம். என் கணிப்புல சேமிப்புல நாம முதல் படிகூட முழுசா ஏறல. காப்பி இருக்கு, ஆனா மூணு ஹார்ட் டிஸ்க்கும் ஒரே பீரோவுல இருக்கே. ஒரு தண்ணிக் குழாய் உடைஞ்சா மூணும் சேர்ந்து போகும்.

12:00 ஹால் 4, ஸ்கேன் தரநிலைகள். தலைப்பைப் பார்த்தா உங்களுக்கு சம்பந்தம் இல்லாதது மாதிரிதான் தெரியும், ஆனா சுருக்கத்தோட கடைசி ரெண்டு வரி, ஸ்கேன் படத்த எந்த ஃபார்மட்ல வைக்கிறது, டிஃப்பா ஜேபெக் 2000ஆங்கிற கேள்வி. டிஃப் பெருசு, ஆனா 1992ல வந்த அதோட ஆறாம் பதிப்ப இன்னைக்கும் கிட்டத்தட்ட எல்லா பட மென்பொருளும் திறக்கும். ஜேபெக் 2000ல இழப்பு இல்லாம சுருக்கலாம், இடம் மிச்சமாகும், ஆனா திறக்கிற மென்பொருள் குறைவு. டிஸ்க் நிரம்பி வழியுற நமக்கு இந்த முடிவு சீக்கிரம் எடுக்க வேண்டியது. பாதி நேரம் கழிச்சு உள்ள போனாக்கூட போதும், கதவு பக்கம் உட்காருங்க.

மதியம் 2:00 மணிக்குதான் முதல் நேர மோதல். ஹால் 1ல ஓசிஆர், ஹால் 3ல "இது என்ன ஃபார்மட்?". ஓசிஆருக்குதான் கூட்டம் போகும், கூட்டத்தோட போயிடாதீங்க. ஹால் 3ல டிராய்டு கருவிய ஓட்டிக் காட்டுறாங்க. ஃபைல் பேர் கடைசியில என்ன எழுதியிருக்குங்கிறத நம்பாம, உள்ள இருக்கிற பைட்டுகளப் பார்த்து இது உண்மையில என்ன ஃபார்மட், எந்தப் பதிப்புன்னு சொல்ற கருவி அது. அதுக்குப் பின்னால இருக்கிற பட்டியல் பேரு ப்ரோனோம், பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகம் நடத்துறது. நம்ம டிஸ்க்குல ".jpg"ன்னு பேர் வச்ச டிஃப் எத்தனை இருக்குமோ, இத ஓட்டினாத்தான் தெரியும். கண்டிப்பா போக வேண்டிய ரெண்டாவது இது.

3:30 ஹால் 2, நீண்ட காலம் வைக்கிறதுக்குன்னே இருக்கிற பிடிஎஃப் வகையான பிடிஎஃப்/ஏ. போகலாம், ஆனா ஒரே கேள்விக்காக. பிடிஎஃப்/ஏ 2005ல தரநிலையாச்சு, ஃபாண்ட் எல்லாத்தையும் ஃபைலுக்குள்ளயே பதிச்சு வைக்கணுங்கிறது அதோட அடிப்படை விதி, அதனாலதான் பல வருஷம் கழிச்சும் எழுத்து கட்டம் கட்டமா மாறாது. ஆனா 2012ல வந்த மூணாம் பகுதி எந்த வகை ஃபைலையும் உள்ள இணைக்க விடுது, அப்படி இணைச்சது பின்னாடி திறக்குமான்னு தரநிலை பொறுப்பேத்துக்காது. நம்ம ஸ்கேனர் மென்பொருள்ல "பிடிஎஃப்/ஏ"ன்னு மட்டும்தான் காட்டுது, அது எந்தப் பகுதின்னு எப்படி சோதிக்கிறதுன்னு கேளுங்க. பதில்ல வெராபிடிஎஃப்னு ஒரு கருவி பேரு வரும், குறிச்சுக்கோங்க.

ரெண்டாம் நாள்

இந்த நாள்தான் உங்களோட நாள். காலை 9:30ல இருந்து 12:30 வரைக்கும் ஹால் 4ல, ஃபைல்கள சரிபார்ப்புப் பட்டியலோட கட்டி வைக்கிற பேக்இட் முறை பத்தின பயிற்சிப் பட்டறை. 25 பேருக்குதான் இடம், மாநாட்டுப் பதிவு போக இதுக்குத் தனியா பேர் கொடுக்கணும், லேப்டாப் கொண்டு போகணும். முதல் வேலையா பேர் கொடுத்துடுங்க.

இவ்வளவு அழுத்தி சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நம்மகிட்ட காப்பி இருக்கு, ஆனா அந்த காப்பி எடுத்த அன்னைக்கு இருந்த மாதிரியே இன்னைக்கும் இருக்குன்னு சொல்ல நம்மகிட்ட எந்த ஆதாரமும் இல்ல. டிஸ்க்குல ஒரு பிட் புரண்டாலும் ஃபைல் பேரு அதேதான் இருக்கும், அளவும் அதேதான் இருக்கும், திறந்து அந்தப் பக்கத்துக்குப் போனாத்தான் பாதிப் படம் சாம்பலா தெரியலாம். பேக்இட் பண்றது ரொம்ப எளிமையான வேலை. பார்சல் மேல உள்ள என்னென்ன இருக்குன்னு பட்டியல் ஒட்டுற மாதிரி, `data` ஃபோல்டருக்குள்ள ஃபைல்கள், வெளிய `manifest-sha256.txt`ல ஒவ்வொரு ஃபைலோட செக்சம், அதாவது ஃபைலோட உள்ளடக்கத்துல இருந்து கணக்கிடுற கைரேகை மாதிரி ஒரு எண். 2018ல இது ஆர்எஃப்சி 8493ங்கிற இணையத் தொழில்நுட்ப ஆவணமா வந்துச்சு. நாளைக்கு அந்தக் கருவியே இல்லாமப் போனாலும் அந்தப் பட்டியல் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான், லினக்ஸ்ல அந்தப் பட்டியல் இருக்கிற ஃபோல்டருக்குள்ள போய் ஒரே வரியில சரிபார்த்துடலாம்:

```
sha256sum -c manifest-sha256.txt
```

மாறாத ஃபைலுக்கு நேரா `OK`ன்னு வரும், மாறினதுக்கு நேரா `FAILED`னு வரும். பட்டறையில வேணும்னே ஒரு ஃபைலக் கெடுத்துட்டு இத ஓட்டிப் பார்க்கச் சொல்லுவாங்கன்னு நிரல்ல இருக்கு, அத கையால ஒரு தடவ செஞ்சுட்டீங்கன்னா திரும்பி வந்து நம்ம பசங்களுக்கு நீங்களே சொல்லிக் கொடுத்துடலாம். எம்டி5ங்கிற பழைய செக்சம் முறை போதுமான்னு யாராவது கேட்டா, தற்செயலா கெட்டுப் போறதக் கண்டுபிடிக்க அது போதும், வேணும்னே மாத்தினதக் கண்டுபிடிக்க போதாது. 2004லயே அத உடைச்சுட்டாங்க. புதுசா ஆரம்பிக்கிற நாம நேரா ஷா-256க்கே போயிடலாம்.

இந்த மூணு மணி நேரத்துல ரெண்டு நல்லது கைவிட்டுப் போகுது. ஒண்ணு 10:00 ஹால் 1, கிளவுட் சேமிப்பு குழு விவாதம். இன்னொண்ணு 11:15 ஹால் 2, காப்பி எடுத்து வைக்கிற எல்டிஓ காந்த டேப். டேப்தான் எனக்கு மனசே இல்லாம விட்டது, ஏன்னா அதுல ஒரு பொறி இருக்கு, டேப் நல்லா இருந்தாலும் படிக்கிற டிரைவ் கிடைக்காமப் போயிடும். எல்டிஓ-7 வரைக்கும் வந்த டிரைவ்கள் ரெண்டு தலைமுறை பழைய டேப்பைப் படிச்சுது, எல்டிஓ-8 டிரைவ் ஒரே ஒரு தலைமுறைதான் பின்னாடி போகும், எல்டிஓ-6 டேப்பப் போட்டா படிக்காது. ஆனா நிரலோட கடைசிப் பக்கத்துல ஹால் 1, ஹால் 2 ரெண்டும் வீடியோ பதிவு ஆகும்னும் பட்டறைகள் பதிவு ஆகாதுன்னும் தெளிவா போட்டிருக்கு. அதனால பட்டறைக்கு நேர்ல போங்க, அந்த ரெண்டையும் வீடியோ வந்ததும் சேர்ந்து பார்ப்போம்.

மதியம் 2:00 ஹால் 3, "மீட்டுப் பார்த்தோம்". கண்டிப்பா போக வேண்டிய நாலாவது. ரெண்டே ஊழியர் இருக்கிற ஒரு நூலகம், காப்பியில இருந்து முழுத் தொகுப்பையும் திரும்ப எடுத்துப் பார்த்த அனுபவம். பெரிய நிறுவனத்துக்காரங்க பேசுற அமர்வுல நமக்கு ஒத்து வராத விஷயம் நிறைய இருக்கும், இது நம்ம அளவு. இந்த ஹால்ல பதிவு இல்ல, அதனால நோட்டு எடுங்க. முக்கியமா மூணு விஷயம் கேட்டுட்டு வாங்க: எவ்வளவு நேரம் ஆச்சு, எந்த ஃபைல் வரல, அது வரலன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க.

அதுக்கப்புறம் 3:00 ப்ரெமிஸ் மெட்டாடேட்டா, இப்போதைக்கு வேண்டாம். ஃபைலுக்கு என்ன நடந்துச்சு, யார் எப்ப எதுக்கு மாத்தினாங்கன்னு எழுதி வைக்கிற முறை அது, நல்லதுதான், ஆனா செக்சம் கூட இல்லாத நாம அங்க போய் உட்கார்ந்தா மலைப்பா இருக்கும். 4:00 ட்ரிபிள்ஐஎஃப் முழுக்க முழுக்க படம் காட்டுற விஷயம், அந்த நேரத்துல கொஞ்சம் ஓய்வெடுங்க.

மூணாம் நாள்

10:00 ஹால் 2, பழைய டிஸ்க்குல இருந்து மீட்கிறது. அஞ்சாவது கண்டிப்பு இதுதான். ஃப்ளாப்பி, சிடி, பழைய ஹார்ட் டிஸ்க் எல்லாத்துல இருந்தும் அப்படியே இமேஜ், அதாவது முழு டிஸ்க்கோட அச்சு நகல் எடுக்கிறது எப்படின்னு காட்டுறாங்க. உதாரணமா பிரிட்டன் மக்களோட வாழ்க்கையப் பதிவு பண்ணின பிபிசி டோம்ஸ்டே திட்டத்த எடுத்திருக்காங்க. 1986ல லேசர் டிஸ்க்குல போட்டது, பதினஞ்சு வருஷத்துக்குள்ளயே அதப் படிக்கிற கருவி அபூர்வமாயிடுச்சு, தனியா ஆராய்ச்சிக் குழு உட்கார்ந்து, பழைய கணினி மாதிரியே புதுக் கணினிய நடக்க வைக்கிற எமுலேஷன் செஞ்சு மீட்க வேண்டியதா போச்சு. டிஸ்க் உடையல, படிக்கிற கருவிதான் போச்சு. நம்ம மேல் தட்டுல இருக்கிற சிடிக்கட்டுக்கும் இதே நிலைமைதான், எழுதின சிடியில சாயம் மங்குறதும் கூட சேருது. இந்த ஹாலும் பதிவு ஆகுது, ஆனா நம்ம சிடி பத்தி நேர்ல கேட்க உங்களுக்குக் கேள்வி இருக்குமே, அதான் போகச் சொல்றேன்.

11:30 ஹால் 1 இணையதளக் காப்பகம். நம்மகிட்ட காப்பாத்த வேண்டிய தளம் எதுவும் இல்ல, விட்டுடலாம்.

12:15 ஹால் 3, பழைய ஃபாண்ட்ல அடிச்ச ஃபைல்களை யூனிகோடுக்கு மாத்துறது. இத அந்த எட்டுல சேர்க்கலாமா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சேன், கடைசியில சேர்த்துட்டேன். பாமினியில அடிச்ச நம்ம பழைய அட்டவணைய ஃபாண்ட் இல்லாத கணினியில திறந்தா வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாத்தான் தெரியும், ஃபைல் ஒரு பிட்டுகூடக் கெடாம இருந்தாலும் படிக்க முடியலன்னா அது போனதுக்கு சமம்தானே. மாத்தினதுக்கப்புறம் மூலத்த அழிக்கலாமான்னு மட்டும் கேட்டுக்கோங்க. அழிக்கக் கூடாதுங்கிறது என் கட்சி.

மதியத்துக்கு மேல காப்புரிமை விவாதமும் நிறைவு விழாவும்தான், ரயில் சீக்கிரம்னா கிளம்பிடலாம்.

பட்டறைக்கு பேர் கொடுக்கிற படிவத்துல "கையாளும் ஃபைல்களின் வகை"ன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல டிஃப், ஜேபெக், பிடிஎஃப்னு மூணையும் எழுதுங்க. லேப்டாப்ல நம்ம தொகுப்புல இருந்து ஒரே ஒரு புத்தகத்தோட ஃபோல்டர மட்டும் காப்பி பண்ணி வச்சிருக்கேன், மூல டிஸ்க்க கையில எடுத்துட்டுப் போயிடாதீங்க.